சுவரில் ஏறிய அரிசி மூடை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், எங்கள் மூன்று வயது மகள், கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த என் மதினி, டிரில் மெஷினோடு வந்த வயரிங் பாஸ். மதினி என்றால் என் கணவருடைய ராத்தா, அவருக்கு அக்கா. பாஸ் என்று நாங்கள் சொல்வது கைவேலை தெரிந்த மேஸ்திரியை; இவர் உடப்பு ஊர்க்காரர், வேலைக்காக எத்தாளையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். கல்பிட்டிக் கடைக்காரரையும் சேர்த்தால் ஆறு பேர் என்று சொல்லலாம். ஆனால் அவர் வீட்டுக்கு வரவில்லை, காலையில் நான்தான் அவரிடம் போனேன்.

வந்தது ஐம்பத்தைந்து அங்குல டிவி. எட்டு வருஷம் வெளிநாட்டில் வேலை செய்த மதினி, "தம்பிட ஊட்டுக்கு நான் ஒண்ணுமே செய்யல்ல" என்று சொல்லிப் புத்தளம் டவுனில் வாங்கி, வேன் பிடித்து பள்ளிவாசல்துறை வரைக்கும் கொண்டுவந்து இறக்கினார். எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் பெட்டியைப் பிரிக்கும் வரைக்கும் நீடித்தது. டிவிக்கு இரண்டு கால்கள் கொடுத்திருந்தார்கள். ஒன்று இந்தக் கோடியில், மற்றது அந்தக் கோடியில். இரண்டுக்கும் நடுவே நாலு அடி. எங்கள் மேசை மூன்று அடி. மேசையில் வைத்தால் இரண்டு காலும் காற்றில்தான் நிற்கும்.

"அப்ப சொவத்தில அடிக்க வேண்டியதுதான்," என்றார் மீன்பிடி போட் ஓட்டும் என் கணவர், வலை காயப் போடுவதைப் போல லேசாக.

எனக்குப் பயம் வந்த இடம் அதுதான். எங்கள் ஹோலில் சுவர் இரண்டுதான் மிச்சம். ஒன்று கடல் பக்கச் சுவர். மற்றது ஹோலையும் படுக்கை அறையையும் பிரிக்கும் நடுச்சுவர். அந்த நடுச்சுவரின் அடியில்தான் என் மகள் பகலில் தூங்குவாள். பின்கதவுக் காற்று நேராக அங்கே வரும், சீமெந்துத் தரை குளிர்ச்சியாக இருக்கும். தொட்டிலில் போட்டாலும் கட்டிலில் போட்டாலும் உருண்டு இறங்கித் தலையணையை இழுத்துக்கொண்டு அங்கேதான் போவாள். நான் தையல் மெஷினில் இருந்தபடியே அவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் ஆயிரம் கதை கொண்டுவருவார்கள். எங்கேயோ ஒரு வீட்டில் டிவி சரிந்து பிள்ளைக்கு அடிபட்ட கதை ஒன்றையும் எவரோ என் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. எனக்கு அது போதும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். கேள்விப்பட்டதைப் பொய்யென்று தள்ளிவிடும் அளவுக்குப் படிப்பும் இல்லை, நம்பிவிட்டு மறந்துபோகும் மனசும் இல்லை.

மூன்று நாள் டிவி கட்டிலில் படுத்திருந்தது. நாங்கள் பாயில் படுத்தோம். மதினிக்கு ஞாயிற்றுக்கிழமை பிளைட். சனிக்கிழமை காலையில், "நான் போறத்துக்குள்ள சொவத்தில ஏத்திக் காட்டுவீங்களா இல்லாட்டி வீடியோ கோல்லதான் பாக்கணுமா?" என்று கேட்டார்.

கணவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர் அரை மணித்தியாலத்தில் ஒரு பிராக்கெட்டோடு வந்தார். அவருடைய கூட்டாளி வீட்டில் சும்மா கிடந்ததாம். கை வைத்த பிராக்கெட், இழுத்தால் நீளும், மடக்கினால் சுவரோடு ஒட்டும். அதில் முன்பு முப்பத்திரண்டு அங்குல டிவி தொங்கியது.

"காசும் இல்ல, கரச்சலும் இல்ல," என்றார். "இஞ்ச பாரு, இருவது கிலோண்டு குத்தியிரிக்கி. டிவி எத்தின கிலோ?"

பெட்டியின் பக்கத்தில் நிறை இரண்டு விதமாகப் போட்டிருந்தது. கால்களோடு பதினாறரை, கால்கள் இல்லாமல் பதினாறு.

"பதினாறு."

"அப்ப நாலு கிலோ மிச்சம். ராத்தா, டீயப் போடுங்க."

நான் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு டிவியின் முதுகுக்குப் போனேன். முதுகில் நான்கு ஓட்டைகள், மரை உள்ளவை. ஓட்டையின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தால் தப்பு வரும், சட்டைக்குப் பொத்தான் வைப்பது போல நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். குறுக்கே பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்றரை நூல் குறைவு; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். நெடுக்கே எட்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. கணவர் கொண்டுவந்த பிராக்கெட்டின் தகட்டில் கடைசி ஓட்டைகளும் அதே நூல் குறைந்த எட்டுக்கு எட்டு. நெடுக்கே சரியாகப் பொருந்தியது. குறுக்கே ஒரு பக்கம் போல்ட் போட்டால் மறுபக்கத்துக்கு நாலு அங்குலம் எட்டவில்லை.

"ஒரு பக்கம் ரெண்டு போல்ட் போட்டா நிக்காதா?"

"நிக்கும். ஒரு பக்கமாச் சரிஞ்சி நிக்கும்," என்றேன்.

"சரி, ரெண்டு தட்டை இரும்புப் பட்டம் வெட்டி வெல்டிங் வச்சி நீட்டினாப் போச்சி. போட்டுக்கு எஞ்சினையே நான் அப்புடித்தான் நிப்பாட்டியிரிக்கன். அது எத்தின கிலோ தெரியுமா?"

"அந்த எஞ்சின் ரெண்டு வாட்டி கடல்ல உழுந்தது எனக்கும் தெரியும் தம்பி," என்று குசினியிலிருந்து மதினியின் குரல் வந்தது.

"ஒரு வாட்டி! ரெண்டாவது வாட்டி உழப் பாத்த, உழல்ல."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் மனசு சிரிக்கவில்லை. இருபதில் பதினாறு போனால் நாலு என்பது அவருடைய கணக்கு. என் கணக்கில் இன்னொரு நிறை இருந்தது. கிளினிக் கார்டில் போன மாதம் எழுதியது, பதின்மூன்றரைக் கிலோ. எங்கள் மகள் எதைக் கண்டாலும் பிடித்துத் தொங்குவாள். அலுமாரிக் கதவு, ஜன்னல் கம்பி, வாப்பா இடுப்பில் கட்டிய சாரம். கையோடு நீண்டு நிற்கும் ஒரு டிவி முன்னால் வந்தால் அவள் அதைச் சும்மா விடுவாளா? பதினாறும் பதின்மூன்றரையும் இருபத்தொன்பதரை.

இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது மதினி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டிவியில புள்ள தொங்குறதயும் கணக்குப் பாக்கிற பொம்புளய நான் கட்டாரிலயும் காணல்ல."

"கட்டார்ல எங்கட மகள் இல்ல மதினி."

கணவர் பிராக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனார். நான் அளவுகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, துணி தைத்த காசில் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு கல்பிட்டிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. கடதாசியைப் பார்த்தார். "நூல் கணக்கில பிராக்கெட் கேட்டு வந்தது நீங்கதான் முதல் ஆள்," என்றார். பிறகு ஒரு பேனையால் பக்கத்தில் எழுதினார். முந்நூறு, இருநூறு. "மில்லிமீட்டர்ல இதுதான். கரெக்டா அளந்திரிக்கிறீங்க. பெட்டியில வாற புத்தகத்திலயும் நாலு ஓட்ட போட்ட படத்துக்குப் பக்கத்தில இந்த நம்பர் இரிக்கும்."

புத்தகத்தில் பல பாஷைகள் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. அதனால்தான் நான் நாடாவை நம்பினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

மூன்று பிராக்கெட்டுகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார். கை வைத்தது ஒன்று, இருபத்தைந்து கிலோ. சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்பது ஒன்று, முப்பத்தைந்து. ஒட்டி நின்றாலும் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்க்கக்கூடியது ஒன்று, நாற்பத்தைந்து.

"ஆக்கள் வந்து அம்பத்தஞ்சு இஞ்சிக்கு ஒண்டு தாங்க எண்டுதான் கேக்கிற. இஞ்சியப் பாத்து எடுக்கக் கூடாது. ஒரே இஞ்சி டிவி ரெண்டு கொம்பனியில ரெண்டு விதமா ஓட்ட வச்சிரிப்பான். மொதல்ல ஓட்ட, ரெண்டாவது நிற. இஞ்சி கடைசியில." சாய்க்கும் பிராக்கெட்டின் இரண்டு நெடுக்குக் கம்பிகளையும் தள்ளிக் காட்டினார். குறுக்கே நானூறு வரைக்கும் நகரும், நெடுக்கேயும் நானூறு வரைக்கும் வரிசையாகத் துளைகள். என் முந்நூறு இருநூறு அதற்குள் வசதியாக அடங்கியது.

"இந்தக் கை உள்ளது நீட்டினா என்ன நடக்கும்?"

"அதான் நல்ல கேள்வி. மடக்கி வச்சா நிற சொவத்தோட கிடக்கும். இழுத்து நீட்டினா அதே பதினாறு கிலோ மேல் போல்ட்டப் புடுங்கப் பாக்கும். வாளிய நெஞ்சோட அணைச்சி வெக்கிறதுக்கும் கைய நீட்டிப் புடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்."

இது எனக்கு உடனே விளங்கியது. தண்ணீர் வாளி தூக்கிய எந்தப் பெண்ணுக்கும் விளங்கும்.

"அப்ப இந்த நாப்பத்தஞ்சு கிலோ நிச்சயமாத் தாங்குமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிராக்கெட் தாங்கும். சொவரு தாங்குமா எண்டு இந்தப் பெட்டியில எழுதல்ல தங்கச்சி. சொவரு ஒங்கட."

ஒட்டி நிற்பதை விட சாய்வது எண்ணூறு ரூபா கூட. நான் சாய்வதையே எடுத்துக் காசை எண்ணிக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் 'சொவரு ஒங்கட' என்ற பேச்சுத்தான் காதில் இருந்தது. நிம்மதியாகப் போய் இன்னொரு கவலையோடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது பாஸ் வந்து கதிரையில் இருந்தார். மதினி கடல் பக்கச் சுவருக்கு முன்னால் நின்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அது பெரிய சுவர், தெருக் கதவைத் திறந்தாலே தெரியும். பாஸ் தட்டிப் பார்த்தார். பொந்தில்லாத நிறைவான கல், நல்ல சத்தம். போல்ட்டுக்கு அதைவிட நல்ல சுவர் இல்லை என்றார். மகள் படுக்கும் இடமும் அதன் அடியில் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அது கிப்லா பக்கம். நாங்கள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தொழுவது.

"தொழக்குள்ள நிப்பாட்டி வெச்சா செரிதானே," என்றார் மதினி.

"நிப்பாட்டினாலும் கறுப்புக் கண்ணாடி மதினி. நாமளே தெரிவம்."

டிவியைக் கட்டிலிலிருந்து நிமிர்த்தி கணவரும் பாஸும் அந்தப் பக்கம் பிடித்துக் காட்டினார்கள். மதினி முன்னால் போய் நின்றார். கறுப்புத் திரையில் முக்காடு போட்ட மதினி, பின்னால் மெஷின், பின்கதவு, கதவுக்கு வெளியே நடந்து போன கோழி எல்லாம் தெரிந்தன. மகள் ஓடிவந்து திரையில் தன்னைக் கண்டு நாக்கை நீட்டினாள்.

"சரி, இது சரி வராது," என்றார் மதினி. "ருக்கூஉல குனியக்குள்ள நான் கோழியப் பாத்துக்கிட்டா இரிக்கிற?"

ஆக நடுச்சுவர்தான். பாஸ் விரலை மடக்கித் தட்டினார். டொக், டொக் என்று வரவேண்டிய இடத்தில் தொப்பு, தொப்பு என்று வந்தது. அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் முகம் பார்ப்பதில் கெட்டிக்காரி.

"என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்லக்கா. நாலு இஞ்சிக் கல்லு, நடுவில பொந்து. எங்கட ஆக்கள் ரோல் பிளக், பிளாஸ்டிக் ஆப்பு, அடிச்சிட்டுப் போவாங்க. சின்ன டிவிக்கு நிக்கும். இதுக்கு அடிச்சா இண்டைக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும். நான் அதுக்கு மேல சொல்ல மாட்டன்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையணையை இழுத்துக்கொண்டு அங்கே வந்து, எங்கள் கால்களுக்கு நடுவே படுத்துவிட்டிருந்தாள். தூங்கவில்லை. பாஸின் டிரில் மெஷினைப் பார்த்துக்கொண்டு விரல் சூப்பினாள்.

"மேசை ஒண்டு செஞ்சி வெப்பமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாளைக்கி பிளைட்டு புள்ள," என்றார் மதினி மெதுவாக. கோபமில்லை. எட்டு வருஷத்தில் அவர் எங்களுக்கென்று ஆசையாகச் செய்தது இது ஒன்று. மீண்டும் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போகச் சொன்னால் போவார், ஆனால் அந்த முகத்தை நான் அடுத்த லீவு வரைக்கும் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

கணவர் இதுவரை சுவரைத் தடவிக்கொண்டு நின்றவர், படுக்கை அறைக்குள் போனார். அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினார்.

"பாஸ், இஞ்ச வாங்க. இந்தப் பக்கத்தால போல்ட் வெளிய வந்தா என்ன?"

"எப்புடி நானா?" என்றார் பாஸ். எங்கள் பக்கத்தில் நானா என்றால் அண்ணன்.

"போட்டுட பின்பலகையில எஞ்சின் மாட்டுற மாதிரி. பலகைக்குள்ள ஆணி அடிக்கிற இல்லயே. முழுசா ஓட்ட போட்டு, அந்தப் பக்கம் பட்டம் வச்சி, வாஷர் வச்சி, நட்டப் பூட்டுற. எங்கட பைபர் போட்டுட பலகையும் உள்ளுக்கு மெத்தெண்டுதான் இரிக்கும். பட்டம் வெச்சாத்தான் நசுங்காது."

பாஸ் அந்தப் பக்கத்தையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "நானா, ஒங்கட ராத்தா சொன்னாங்க, எஞ்சின் ரெண்டு வாட்டி உழுந்ததாமே?" என்றார்.

"அது பலகை உக்கினது! போல்ட் இன்னும் இரிக்கி!"

வேலை நின்று, கணவர் போட் சாமான் கடைக்கு ஓடினார். கறுக்காத எவர்சில்வர் போல்ட் நாலு, ஆறு அங்குல நீளம், பெரிய வாஷர், இரண்டு விரல் அகலப் பட்டம் இரண்டு. வரும்போதே முகத்தில் வெற்றி. உப்புக் காற்றுக்கு இரும்பு போல்ட் இரண்டு வருஷத்தில் துரு ஏறிவிடும், இது அவர் அன்றாடம் பார்க்கும் விஷயம். அந்தத் துணிச்சலில்தான் பிழையும் விட்டார். சுவருக்கு வாங்கியதோடு டிவியின் முதுகுக்கும் நாலு எவர்சில்வர் போல்ட் வாங்கியிருந்தார். பிராக்கெட் பெட்டியில் வந்ததை ஒதுக்கிவிட்டு, பாஸ் வயர் எந்தப் பக்கத்தால் போகிறது என்று சுவிட்சைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், டிவியைக் குப்புறப் போட்டுத் தன் போல்ட்டை முறுக்கத் தொடங்கினார்.

நான் முறுக்குகளை எண்ணினேன். அது என் பழக்கம், ஊசிக் குத்தையும் எண்ணுவேன். பெட்டிப் போல்ட்டை முதலில் ஒரு தரம் போட்டுப் பார்த்தபோது பத்து முறுக்கில் உட்கார்ந்தது. இது பத்தைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க."

"என்ன இப்ப?"

"நிப்பாட்டுங்க எண்டன்."

விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி அடுத்த ஓட்டைக்குள் விட்டேன். முட்டியது. முட்டிய இடத்தில் நகத்தால் கிள்ளி வெளியே எடுத்துப் போல்ட்டோடு சேர்த்துப் பிடித்தேன். ஈர்க்கு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. போல்ட் ஒன்றரை அங்குலம். பிராக்கெட்டின் தகடோ ஒரு நூல் கூடத் தடிப்பில்லை.

பாஸ் வந்து பார்த்தார். "நல்ல காலம். இன்னும் நாலு முறுக்கு முறுக்கியிருந்தா உள்ளுக்குப் போய்த் திரையில குத்தியிருக்கும். தடிப்பு சரி, மரையும் சரி, நீளந்தான் கூட. நானா, இதை நீங்க எஞ்சினுக்கு வைங்க."

கணவர் டிவிக்குப் பக்கத்தில் குந்தினார். போல்ட்டைத் திருப்பிக் கழற்றும்போது அவருடைய காது சிவந்திருந்தது. டிவிக்குப் பெட்டியில் வந்த போல்ட்டையே போட்டு, வாஷரில் கொஞ்சம் கிரீஸ் பூசினார். அது அவருடைய யோசனை, நல்ல யோசனை.

இனி உயரம். மதினி கதிரையில் ஏறி, கதவு நிலைக்கு மேலே கையை வைத்தார். "இஞ்ச. எயார்போட்டில இப்புடித்தான் வெச்சிரிக்கி."

"எயார்போட்டில நிண்டுதான் பாக்கிற, அக்கா," என்றார் பாஸ். "ஊட்டில குந்திப் பாக்கிற. நீங்க எறங்குங்க. இந்தக் கதிரையில இருந்து, கழுத்தத் தூக்காம, நேரப் பாருங்க."

மதினி இருந்தார். அவர் கண் போன இடத்தில் நான் தையல் சோக்கட்டியால் கோடு போட்டேன். தரையிலிருந்து நாற்பத்து மூன்று அங்குலம். பிறகு நான் மெஷின் ஸ்டூலில் இருந்தேன், கணவர் கோடு போட்டார். நாற்பத்திரண்டு. பிறகு கணவரைப் பாயில் இருக்கச் சொன்னோம். நாங்கள் சாப்பிடுவதும் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டுவதும் பாயில்தான். அது முப்பது.

"நடுத்திரை கண்ணுக்கு நேர, இல்லாட்டி கொஞ்சம் கீழ இரிக்கணும்," என்றார் பாஸ். "மேல வெச்சா மொதல் நாள் வடிவாரிக்கும். ஒரு கிழமையில பிடரி நோகும். கொஞ்சம் குனிஞ்சி பாக்கிறத்துக்குக் கழுத்து ஒண்ணும் சொல்லாது, அண்ணாந்து பாக்கிறத்துக்குத்தான் சொல்லும்."

கதிரையின் கணக்கில் வைத்தால் பாயில் இருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். பாயின் கணக்கில் வைத்தால் திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து பதினாறு அங்குலத்தில் வந்துவிடும், மகளுக்குக் கொண்டாட்டம். நாற்பத்திரண்டு என்று தீர்மானித்தோம். திரையின் உயரம் இருபத்தெட்டு, அடி விளிம்பு இருபத்தெட்டில் நிற்கும். பாயில் இருப்பவருக்காகத் திரையைக் கொஞ்சம் கீழே சாய்த்துக்கொள்ளலாம். எண்ணூறு ரூபா கூடக் கொடுத்தது அதற்குத்தான். சுவரில் தொங்கும் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனப் படமும் டிவிக்கு மேலேதான் இருந்தது, அதை நகர்த்த வேண்டி வரவில்லை.

பாஸ் நாற்பத்திரண்டில் மட்டம் வைத்துக் கோடு கீறினார், பிராக்கெட்டை அந்தக் கோட்டில் பிடித்தார். எனக்கு ஏதோ சரியில்லாமல் பட்டது. சட்டையில் தோளிலிருந்து அளப்பதும் கழுத்திலிருந்து அளப்பதும் ஒன்றல்ல. மீண்டும் போய் டிவியின் முதுகை அளந்தேன். நான்கு ஓட்டைகளும் முதுகின் நடுவில் இல்லை, கீழே தள்ளி இருந்தன. அடி விளிம்பிலிருந்து ஓட்டைக் கூட்டத்தின் நடு வரைக்கும் பதினொன்று. டிவியின் நடுவோ பதினான்கு.

"பாஸ், அந்தக் கோட்டில அடிச்சா டிவி மூண்டு இஞ்சி மேல போவும்."

அவர் வந்து நாடாவைப் பார்த்தார். பேசாமல் போய்க் கோட்டை அழித்து முப்பத்தொன்பதில் கீறினார். "அக்கா, நீங்க வேலைக்கு வாறீங்களா?" என்றார். "டிரில் நான் புடிக்கிறன், பயப்படுறது நீங்க பயப்படுங்க."

நான்கு துளைகள் போட்டார். படுக்கை அறைப் பக்கம் சுவர் உடையாமல் இருக்கக் கணவர் பலகையை அழுத்திப் பிடித்தார். போல்ட் வெளியே வந்தது. பட்டம், வாஷர், நட். ஒரே நட்டை முழுக்க இறுக்காமல், நாலையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். கூட இறுக்கினால் பொந்துக் கல் நொறுங்கும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டார்கள்.

"ஏத்துவமா?" என்றார் கணவர்.

"வேணாம்," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மொதல்ல வேற பாரத்தத் தொங்கவிட்டுப் பாப்பம்."

"நான் தொங்கிக் காட்டவா?" என்றார் கணவர்.

"நீங்க அறுவத்திரெண்டு கிலோ. பிராக்கெட் நாப்பத்தஞ்சுதான்."

குசினியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூடை பிரிக்காமல் இருந்தது. கருவாடு போடுவதற்கு வாங்கிய உப்பு பத்துக் கிலோ. இரண்டும் முப்பத்தைந்து. டிவியும் மகளும் சேர்ந்ததை விடக் கூட, பிராக்கெட்டின் கணக்கை விடக் குறைவு. நைலோன் கயிறு போட்டுப் பிராக்கெட்டின் மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிட்டோம். தகட்டின் கீழ் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கீறினேன். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மணித்தியாலம் என்று சொன்னேன். மதினி பிளேன்டீ ஊற்றினார். பாஸும் கணவரும் கதிரையில், நானும் மகளும் மதினியும் பாயில். எல்லோரும் டிவி பார்ப்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். சுவரில் அரிசி மூடை. பின்கதவுக் காற்று வந்தது.

"உம்மா," என்றாள் மகள், "இது என்ன படம்?"

மதினிக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது. போனை எடுத்துப் படம் பிடித்துக் கட்டாரில் உள்ள தன் கூட்டாளிப் பெண்களுக்கு அனுப்பினார். 'தம்பிட ஊட்டுப் புது டிவி' என்று எழுதினார். பதில்கள் வந்தன. ஒருத்தி, அரிசி சம்பாவா நாட்டரிசியா என்று கேட்டிருந்தாள்.

"வேற செனலுக்கு மாத்துங்க நானா," என்றார் பாஸ். "இதில கதை நகருதில்ல."

கதை நகரவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது. ஒரு மணித்தியாலம் கழிந்து பென்சில் கோட்டைப் பார்த்தேன். ஒரு மயிரிழை கூட இறங்கவில்லை. படுக்கை அறையில் பட்டத்தின் ஓரம் கல் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவினேன். இல்லை. மூடையை இறக்கி, டிவியை ஏற்றினார்கள். இரண்டு பேர் தூக்க, மதினி "பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு நடுவில் நின்றார். கொக்கி மாட்டும் சத்தம் இரண்டு கேட்டது. பாஸ் கீழ்ப் பூட்டுத் திருகாணிகளையும் இறுக்கினார். அவை இல்லாவிட்டால் கீழிருந்து தள்ளும் பிள்ளை டிவியைக் கொக்கியிலிருந்து தூக்கிவிடலாம். டிவிக்கு அடியில் மேசையோ ஸ்டூலோ, ஏறிப் பிடிக்க ஒன்றும் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

மதினி கதிரையில் இருந்து பார்த்தார். பாயில் இருந்து பார்த்தார். கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தார். "எயார்போட்ட விட இது நல்லம்," என்றார். அடுத்த நாள் லக்கேஜைத் தூக்கி வேனில் வைத்த பிறகும் திரும்ப உள்ளே வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மகளுக்கு அந்தச் சுவரடியை நான் தடுக்கவில்லை. முதல் மூன்று நாள் அவள் தலையணையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தேன், அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். நாலாம் நாள் விட்டுவிட்டேன். அவள் தூங்கும்போது நான் மெஷினை மிதித்துக்கொண்டு அவளையும் மேலே கறுப்புத் திரையையும் பார்ப்பேன். பிறகு தையலைப் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் செய்தேன். ஒரு வாரம் கழித்துப் படுக்கை அறையில் நட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தபோது, ஒன்று லேசாகச் சுற்றுவதுபோல எனக்குப் பட்டது. கணவர் நட்டுச் சாவி போட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்றார். இருந்தாலும் நான் போட் சாமான் கடைக்குப் போய், எஞ்சின் அதிர்ந்தாலும் தளராத லொக் நட் நாலு கேட்டு வாங்கி, பழைய நட்டுகளுக்கு மேல் பூட்டச் சொன்னேன். நட்டுகளை வாங்கும்போதே அந்தக் கடைக்காரர் கடன் கொப்பியைத் திறந்தார். கணவர் அன்று போல்ட்டும் பட்டமும் வாஷரும் கடனுக்குத்தான் எடுத்திருந்தார், ஆயிரத்து நானூறு. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் போட் இறங்கவில்லை, கொடுக்க முடியவில்லை. என் நட்டு இருநூற்று நாற்பது. அவர் கீழே எழுதிக் கூட்டிக் கோடு போட்டார். இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.